பென்ஷன் கணக்கில் திரும்பத் திரும்பப் பிடிபடும் தொகைகள்: ஒவ்வொன்றும் எங்கே போகிறது?

காவிரிக்கரை, 4 ஜனவரி 2026, காலை 7.10

அப்பாவுக்கு வயது 67, ஓய்வுபெற்ற ஆசிரியர். குத்தாலத்தில் அம்மாவும் அவரும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கில்தான் பென்ஷன் வருகிறது. பொங்கலுக்கு முன்னால் ஊருக்குப் போனபோது பாஸ்புக்கை என் கையில் கொடுத்து, "நான் எடுக்காத பணம் போய்க்கிட்டே இருக்குடா, என்னன்னு பாரு" என்றார். பாஸ்புக்கில் பாதி வரி மங்கலாக அச்சாகியிருக்கிறது, மீதிக்குப் பெயரே பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. கிளையில் எழுதிக் கொடுத்து 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை ஸ்டேட்மென்ட்டை எக்ஸெல் கோப்பாக மின்னஞ்சலில் வாங்கிவிட்டேன். மொத்தம் நானூறு வரிக்கு மேல் இருக்கிறது. மளிகை, மருந்து, ஏடிஎம் எல்லாவற்றுக்கும் நடுவில், தானாகப் போகிற தொகைகளை மட்டும் ஒன்றுவிடாமல் எப்படிப் பிரிப்பது? யாராவது முழுக்கச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

சிவகாசி பாபு, 4 ஜனவரி, காலை 8.02

உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் போடுங்க. தாமதம் பண்ணப் பண்ண பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். கார்டையும் பிளாக் பண்ணிடுங்க.

காவிரிக்கரை, 4 ஜனவரி, காலை 8.40

பாபு, அக்கறைக்கு நன்றி. இது திருட்டு இல்லை என்று நினைக்கிறேன். சின்னச் சின்னத் தொகைகள், எல்லாம் எங்கோ ஒரு கையெழுத்தோ ஒரு பின் நம்பரோ போட்டு நாமே அனுமதி கொடுத்தவையாகத் தெரிகிறது. எப்போது, எதற்குக் கொடுத்தோம் என்பதுதான் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

ஓய்வு காசாளர், 4 ஜனவரி, மாலை 6.15

தம்பி, முதலில் 12 மாதம் போதாது, 13 மாதம் வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை போகிற தொகை, 12 மாதத்தில் ஒரே ஒரு வரியாகத்தான் நிற்கும். ஒரு முறை வந்ததைத் திரும்ப வருவது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? இன்னும் ஒரு மாதம் சேர்த்தால் அந்த மாதத்தில் விழுகிறவையாவது ஜோடியாகத் தெரியும். மீதி வருடாந்திரத் தொகைகளுக்கு முந்தைய வருடத்தின் அதே மாதத்தைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தேதிவாரியாகப் படிக்காதீர்கள். அப்படிப் படித்தால் பத்தாவது வரியிலேயே கண் மரத்துவிடும். பற்று வரிகளை மட்டும் எடுத்து, விவரப் பத்தியின் முதல் சில எழுத்துகளைத் தனிப் பத்தியாகப் பிரித்து, அதன்படி அடுக்குங்கள். ஒரே இடத்திலிருந்து பிடிக்கப்படுகிறவை தாமாக ஒன்றுகூடிவிடும்.

மூன்றாவது, நான் கவுன்டரில் இருந்த நாளில் பழகிய வழி: புரியாத தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த கட்டணமாக இருக்கும், பெரும்பாலும் வங்கியே பிடித்தது. 17.70 என்பது 15. 236 என்பது 200. 295 என்பது 250.

காவிரிக்கரை, 5 ஜனவரி, இரவு 10.30

சார் சொன்னபடி 2024 டிசம்பரையும் சேர்த்து வாங்கினேன். கீழே உள்ளதைப் போட்டேன். B விவரம், D பற்று.

```
=LEFT(B2,18)
=D2/1.18
```

முதல் பத்தி பாதிதான் உதவியது. `ACH D-` என்று தொடங்குகிற, நிறுவனங்கள் தாமாகப் பிடிக்கிற வரிகள் அழகாகச் சேர்ந்தன. ஆனால் யுபிஐ வரிகள் எங்கள் வங்கியில் `UPI/DR/` என்று தொடங்கி, உடனே பரிவர்த்தனை எண் வருகிறது. அது ஒவ்வொரு முறையும் வேறு. அதனால் ஒன்றுகூட ஒன்றோடு சேரவில்லை.

இரண்டாவது பத்தி உடனே பலன் கொடுத்தது. 17.70 நான்கு முறை, மூன்று மாதத்துக்கு ஒன்று. எஸ்எம்எஸ் கட்டணம். சரி, அது இருக்கட்டும். 236 இரண்டு முறை, ஒன்று மார்ச், ஒன்று ஆகஸ்ட். டெபிட் கார்டு வருடக் கட்டணம் வருடத்துக்கு ஒன்றுதானே?

தாரா, 5 ஜனவரி, இரவு 11.05

யுபிஐ வரிகளுக்கு LEFT வேண்டாம். டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், சாய்கோட்டை வைத்துப் பிரித்துவிடுங்கள். எங்கள் ஸ்டேட்மென்ட்டில் நான்காவது துண்டில் பெயர் வரும். அந்தத் துண்டை வைத்து அடுக்கினால் போதும்.

நெல்லைச்சீமை, 6 ஜனவரி, காலை 6.50

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? தெரியாததை எல்லாம் நிறுத்து. நெட் பேங்கிங்கில் மேன்டேட் பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் ரத்து செய்தால் முடிந்தது. எது நிஜமாகத் தேவையோ அந்தக் கம்பெனிக்காரன் தானே கூப்பிடுவான். நான் அப்படித்தான் செய்தேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

தாரா, 6 ஜனவரி, காலை 9.20

எனக்குப் பிரச்சினை வந்தது, அதனால் சொல்கிறேன். நான் ரத்துகூடச் செய்யவில்லை. ஒரு மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி வேண்டாம் என்று முடிவு செய்து, அந்தக் கணக்கிலிருந்த பணத்தை எல்லாம் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டேன். பணம் இல்லையென்றால் பிடிக்க மாட்டார்கள், தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு மாதமும் பிடிக்க வந்தார்கள், பணம் இல்லாமல் திரும்பியது. ஒவ்வொரு முறைக்கும் வங்கி 590 ரூபாய் அபராதம் எழுதி வைத்திருந்தது. நான்கு மாதம் கழித்து ஒருவர் அந்தக் கணக்கில் 5,000 போட்டபோது 2,360 ரூபாய் ஒரே நாளில் போய்விட்டது. நான் செய்திருக்க வேண்டியது எஸ்ஐபியை நிறுத்துவது. கணக்கைக் காலி செய்தது அதற்கு மாற்று இல்லை.

ஓய்வு காசாளர், 6 ஜனவரி, மாலை 5.40

நெல்லைச்சீமை சொன்னதில் ஒரு பாதி சரி. மேன்டேட்டை ரத்து செய்யச் சொல்வது கணக்கு வைத்திருப்பவரின் உரிமை, வங்கி அதை ஏற்க வேண்டும். விட்டுப்போன பாதி, மேன்டேட் என்பது பணம் எடுக்கும் அனுமதி மட்டும்தான், அதன் பின்னால் இருக்கும் ஒப்பந்தம் அல்ல. கடன் தவணையின் மேன்டேட்டை வெட்டினால் கடன் அப்படியே நிற்கும், வட்டி ஏறும். பணம் இல்லாமல் தவணை திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா சட்டம் 25-ஆம் பிரிவில், காசோலை திரும்புவது போலவே அதுவும் குற்றம். காப்பீட்டுப் பிரீமியத்தை வெட்டினால் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், பாலிசி சத்தமில்லாமல் காலாவதியாகும். அதனால் முதலில் அடையாளம் காணுங்கள், அப்புறம் ஒப்பந்தத்தை நிறுத்துங்கள், கடைசியாக மேன்டேட்டை ரத்து செய்யுங்கள். வரிசை மாறக் கூடாது.

தம்பி, இரண்டு 236-க்கு: கூட்டுக் கணக்கு என்றீர்களே, அம்மா பெயரிலும் ஒரு கார்டு இருக்கிறதா?

காவிரிக்கரை, 7 ஜனவரி, இரவு 9.15

இருக்கிறது சார். அம்மாவிடம் போனில் கேட்டேன். பீரோவில் புடவைக்கு அடியில், வந்த உறை பிரிக்காமல் வைத்திருக்கிறார். பின் நம்பர்கூடப் போட்டதில்லை. பயன்படுத்தாத கார்டுக்கு வருடம் 236.

அம்மாவின் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தில் ஒரு தவறு செய்தேன், அதையும் எழுதிவைக்கிறேன். தொகையை வைத்து அடுக்கியபோது 2,045 பத்து முறை வந்து அக்டோபரோடு நின்றுவிட்டது, 2,000 என்று புதிதாக ஒன்று மூன்று முறை வந்திருந்தது. பழைய பாலிசி காலாவதியாகி, யாரோ புதிதாக ஒன்றை விற்றுவிட்டார்கள் என்று பதறி அம்மாவைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டேன். பாலிசி எண் ஒன்றேதான். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. அம்மாவின் பாலிசிக்கு இரண்டே கால் சதவீத வரி இருந்தது, 2,000-க்கு அது 45 ரூபாய். அது போனதால் தொகை மாறியது. தொகையை மட்டும் வைத்துத் தேடினால் இப்படி ஒன்று இரண்டாகப் பிரிந்துவிடும். பெயரையும் தொகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

(இரவு 9.50, திருத்தம்: "அக்டோபரோடு நின்றுவிட்டது" என்று எழுதியது பிழை. கடைசி 2,045 பிடித்தது செப்டம்பர் 7. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் 2,000.)

காவிரிக்கரை, 8 ஜனவரி, காலை 6.30

மே மாதக் கடைசியில் மூன்று வரிகள்: 436 ஒன்று, 20 இரண்டு. 436 பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு என்று தெரிகிறது, 20 சுரக்ஷா விபத்துக் காப்பீடு. 20 ஏன் இரண்டு முறை?

நெல்லைச்சீமை, 8 ஜனவரி, காலை 7.15

இரண்டாவது தவறாகப் பிடித்தது. ஒருவருக்கு ஒன்றுதான் உண்டு. ஒன்றை வெட்டுங்கள். அப்பாவுக்கு 67 என்றால் 436-ம் வீண், அந்தத் திட்டம் 55 வயது வரைதான்.

ஓய்வு காசாளர், 8 ஜனவரி, மதியம் 1.30

ஒருவருக்கு ஒன்றுதான், 55 வயதும் சரிதான். ஆனால் இது கூட்டுக் கணக்கு. கூட்டுக் கணக்கில் பெயருள்ள எல்லாரும் தனித்தனியாகச் சேரலாம். சுரக்ஷாவுக்கு வயது வரம்பு 18 முதல் 70, அதனால் ஒரு 20 அப்பாவுக்கு, ஒரு 20 அம்மாவுக்கு. 436 அம்மாவுக்காக இருக்க வேண்டும், 50 வயதுக்குள் சேர்ந்திருந்தால் 55 வரை தொடரலாம். அம்மாவின் வயதைப் பாருங்கள். இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள். 20 ரூபாய்க்கு விபத்தில் இறந்தால் 2 லட்சம், 436-க்கு எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடம் என்பதால்தான் மே கடைசியில் பிடிக்கிறார்கள். அந்த வாரத்தில் கணக்கில் பணம் இருப்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை, 8 ஜனவரி, இரவு 8.00

அம்மாவுக்கு 53. நாற்பத்தெட்டாவது வயதில் கிளையில் ஒரு படிவம் நிரப்பியது அவருக்கு நினைவிருக்கிறது. சார் சொன்னது சரி.

நெல்லைச்சீமை நினைத்த இரட்டிப்பும் உண்மையில் இருக்கிறது, அது வேறு இடத்தில். மகளிர் குழுவுக்காக அம்மா இன்னொரு வங்கியில் தனிக் கணக்கு வைத்திருக்கிறார். அந்தப் பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதிலும் மே 28-இல் ஒரு 20, ஒரு 436. இரண்டு கணக்கில் கட்டினாலும் இழப்பீடு ஒன்றுக்குத்தான், மற்றதற்குக் கட்டிய பிரீமியம் வீண்தான். ஒரே கணக்கின் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது. வீட்டில் எத்தனை கணக்கு இருக்கிறதோ அத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

சிவகாசி பாபு, 9 ஜனவரி, காலை 10.10

இப்போ புரியுது. எங்க வீட்டிலும் மே மாசம் 20 போகுது, நான் அதை வங்கி ஏதோ சர்வீஸ் சார்ஜ் பிடிக்குதுன்னு நினைச்சுட்டிருந்தேன். எங்க அண்ணன் விபத்தில் போனது 2023 ஆகஸ்டில். அவர் கணக்கிலும் இது பிடிச்சிருப்பாங்களோ?

ஓய்வு காசாளர், 9 ஜனவரி, காலை 11.00

பாபு, இன்றே அண்ணனின் பாஸ்புக்கில் 2023 மே கடைசி வாரத்தைப் பாருங்கள். 20 பிடித்திருந்தால் அந்தக் கிளைக்குப் போய் நாமினி யார் என்று கேளுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று மூன்றையும் எடுத்துப் போங்கள். தாமதமாகிவிட்டது, அதனால் மறுக்கலாம். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழியாகச் சொன்னதோடு திரும்பி வராதீர்கள்.

காவிரிக்கரை, 10 ஜனவரி, இரவு 11.20

தாரா சொன்னபடி யுபிஐ வரிகளைப் பிரித்துவிட்டேன். பெயர்த் துண்டை அடுக்கியதும் கூகுள் பிளே பெயரில் 159 பன்னிரண்டு முறை. 1.18-ஆல் வகுத்தால் 134.75, முழு எண் வரவில்லை. கடை விலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கும்போது அந்த வழி உதவாது என்று புரிந்தது.

அப்பா சத்தியம் செய்கிறார், அவர் போனில் எந்த ஆப்புக்கும் காசு கட்டவில்லை என்று. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். வெறுமையாக இருந்தது. அரை மணி நேரம் போனில் தடுமாறினோம். அப்புறம் மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொடச் சொன்னபோது இரண்டு மின்னஞ்சல் முகவரிகள் தெரிந்தன. ஒன்று அக்கா மகன் கோடை விடுமுறையில் வந்தபோது அவன் பெயரில் சேர்த்தது. அதற்கு மாறியதும் சந்தா வந்து நின்றது. ஒரு ராசிபலன் ஆப். ஏழு நாள் இலவசம் என்று பார்த்து அப்பாதான் ஓகே கொடுத்திருக்கிறார், அந்த நேரத்தில் போனில் பையனின் கணக்கு திறந்திருந்திருக்கிறது. பிடிக்காமல் இரண்டாம் நாளே ஆப்பை நீக்கிவிட்டார். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பணம் பிடிப்பதற்கு முன்பே எஸ்எம்எஸ் வருமே என்று கேட்டேன். வந்திருக்கிறது, ஒவ்வொரு மாதமும். அப்பாவின் பெட்டியில் படிக்காத செய்திகள் ஆயிரத்துக்கு மேல், எல்லாம் ஆங்கிலம். தமிழ் ஆசிரியராக முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு, அவர் பணம் போவதை அவர் மொழியில் ஒரு வரி எழுதி அனுப்பக் கூடாதா? இதை நினைத்தால் மனது ஆறவில்லை.

தாரா, 11 ஜனவரி, காலை 8.30

சந்தாவை நிறுத்திய பிறகு, எந்த யுபிஐ ஆப்பில் அனுமதி கொடுத்தாரோ அதில் ஆட்டோபே பகுதியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே அது இன்னும் செயலில் இருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள். நிறுத்திய தேதியோடு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

காவிரிக்கரை, 17 ஜனவரி, இரவு 9.40

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுத்தது இதுதான்.

`ACH D-` வரிகளில் ஒரு கடன் நிறுவனத்தின் பெயர், தொகை 588.82. முதலில் 2024 டிசம்பர் 12, அடுத்து 2025 டிசம்பர் 12. நான் முதலில் வாங்கிய 12 மாத ஸ்டேட்மென்ட்டில் இது ஒரே ஒரு முறைதான் இருந்தது, நான் தாண்டிப் போயிருந்தேன். 1.18-ஆல் வகுத்தால் சரியாக 499. ஆனால் இது வங்கி பிடித்தது அல்ல, வரியிலேயே வேறு பெயர் இருக்கிறது. இப்போது வீட்டில் எந்தக் கடனும் கிடையாது.

பெயருக்குப் பின்னால் ஒரு நீளமான எண் இருந்தது. அதை வைத்துப் பழைய பாஸ்புக்குகளைப் புரட்டினோம். 2023-இல் ஒவ்வொரு மாதமும் 2,150 பிடித்த வரிகளில் அதே எண். அப்பாவுக்கு உடனே நினைவு வந்துவிட்டது: மயிலாடுதுறையில் தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ். பன்னிரண்டு தவணையும் 2024 ஜனவரியில் முடிந்தது. கடையில் அன்று கையெழுத்துப் போட்ட தாள்களின் நகல் ஃபிரிட்ஜ் உத்தரவாத அட்டையோடு ஒரே கவரில் இருந்தது. மேன்டேட் தாளில் தொகை என்ற இடத்தில் 2,150 இல்லை. "அதிகபட்சம் 10,000" என்று இருந்தது. எத்தனை முறை என்ற இடத்தில், கேட்கும்போதெல்லாம் என்ற கட்டத்தில் டிக். முடிவுத் தேதி 2033. தவணை ஒரு வருடம், அனுமதி பத்து வருடம். அதே கவரில் இன்னொரு தாளில் பொடி எழுத்தில் "சுகாதார உறுப்பினர் அட்டை, ஆண்டுக் கட்டணம்" என்று இருந்தது. அப்பா கையெழுத்து அதிலும் இருக்கிறது. அந்த அட்டை வீட்டுக்கு வந்ததே இல்லை.

ஓய்வு காசாளர், 18 ஜனவரி, காலை 9.00

தம்பி, கடன் முடிந்ததும் மேன்டேட் தானாக முடியும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது தாளில் உள்ள முடிவுத் தேதி வரை உயிரோடுதான் இருக்கும். இப்போது இரண்டு கடிதம். ஒன்று கடன் நிறுவனத்துக்கு: உறுப்பினர் சேவை வேண்டாம், பிடித்ததைத் திருப்பித் தாருங்கள், கடன் பாக்கி இல்லை என்ற சான்றும் தாருங்கள். இன்னொன்று வங்கிக் கிளைக்கு: மேன்டேட்டை ரத்து செய்ய. கிளையில் அந்த மேன்டேட்டின் 20 எழுத்து எண்ணைக் கேட்டு வாங்கிக் கடிதத்தில் எழுதுங்கள், யுஎம்ஆர்என் என்பார்கள். ஸ்டேட்மென்ட்டில் நீங்கள் பார்த்த எண் கடன் எண், அதை எழுதினால் கிளைக்காரர் தேட மாட்டார். நகலில் முத்திரை வாங்குங்கள்.

நெல்லைச்சீமை, 18 ஜனவரி, மதியம் 12.10

இந்த இடத்தில் நான் சொன்னதுதான் சரியாக வந்தது பார்த்தீர்களா. வெட்ட வேண்டியது இது. ஆனால் அந்த 20 ரூபாய் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

காவிரிக்கரை, 24 பிப்ரவரி, இரவு 8.20

நிலவரம். மேன்டேட் ரத்தாகிவிட்டது, முதல் முறை போனபோது "அவர்களிடமே கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள், எண்ணோடு எழுதிக் கொடுத்த இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள். அம்மாவின் கார்டை ஒப்படைத்தாயிற்று. குழுக் கணக்கில் 20, 436 இரண்டையும் அடுத்த மே மாதம் பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

கடன் நிறுவனம் 2025 டிசம்பரில் பிடித்த 588.82-ஐத் திருப்பிப் போட்டுவிட்டது. 2024-இல் பிடித்ததற்கு, ஒரு வருடம் சேவை நடப்பில் இருந்தது, தர முடியாது என்கிறார்கள். வராத அட்டைக்கு என்ன சேவை என்று அப்பா தன் கையாலேயே தமிழில் ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் ஜனவரி 30 அன்று அனுப்பியிருக்கிறார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` வழியாகப் போகலாம் என்று சார் சொன்னார். இன்னும் சில நாள்தான் பாக்கி.

சிவகாசி பாபு, 25 பிப்ரவரி, காலை 7.45

அண்ணன் பாஸ்புக் கிடைச்சுது. 2023 மே 29, 20 ரூபாய் பிடிச்சிருக்கு. நாமினி அண்ணி பேர்தான். திங்கள்கிழமை கிளைக்குப் போறோம்.